டேலி ஆயிடுச்சு, அப்புறம்?

(சிறு வணிகர்களும் வணிகவியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் முடிந்து கணக்கை மூடும் நேரத்தில் கடை முதலாளி கணக்குப்பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, "டேலி ஆயிடுச்சா?" என்பதுதான். ஆயிடுச்சு என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இன்று என் பேச்சு. டேலி ஆகிறதா என்று பார்க்கும் அந்தப் பட்டியலுக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பாய்வு என்று பெயர். அது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நிரூபிக்கும். அது என்ன விஷயம் என்று தெளிவாகப் புரிந்துவிட்டால், எந்தெந்தப் பிழை அதன் கண்ணில் படாது என்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு பெயிண்ட் கடையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் தேதி திறந்த கடை. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிடுவோம், எண்கள் எளிதாக இருக்கும். முதலாளி 5 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டுத் தொடங்கினார். ரேக், கவுண்டர் என்று அறைகலனுக்கு 80,000 செலவு. மொத்த வியாபாரியிடம் 3 லட்சத்துக்குக் கடனில் சரக்கு எடுத்தார். அந்த மாதத்தில் கைக்காசு விற்பனை 1,90,000, அது அப்படியே வங்கிக்குப் போயிற்று. ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டருக்குக் கடனில் 60,000-க்கு விற்றார். அவர் 35,000 திருப்பிக் கட்டினார். வாடகை 20,000, பையன்கள் சம்பளம் 24,000. மொத்த வியாபாரிக்கு 1,50,000 கட்டினார். ஒரு மாதக் கதை இவ்வளவுதான்.

இரட்டைப் பதிவு முறையில் இந்த ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு கணக்குகளைத் தொடும். ஒன்றில் இடப்பக்கம், அதாவது பற்று. இன்னொன்றில் வலப்பக்கம், அதாவது வரவு. இரண்டிலும் ஒரே தொகை. வாடகை கொடுத்தால் வாடகைக் கணக்கில் 20,000 பற்று, வங்கிக் கணக்கில் 20,000 வரவு. குறிப்பேட்டிலும் துணை ஏடுகளிலும் எழுதியதைப் பேரேட்டில் கணக்குவாரியாக எடுத்தெழுதி, மாத முடிவில் ஒவ்வொரு கணக்கின் இரு பக்கங்களையும் கூட்டி, மிச்சத்தைக் காண்கிறோம். அந்த மிச்சங்களை ஒரே தாளில் இரண்டு பத்திகளாக அடுக்குவதுதான் இருப்பாய்வு. நம் கடையின் ஏப்ரல் 30-ஆம் தேதித் தாள் இப்படி வரும்.

பற்று இருப்புகள்: வங்கி 4,51,000, அறைகலன் 80,000, கொள்முதல் 3,00,000, வாடகை 20,000, சம்பளம் 24,000, கான்ட்ராக்டர் 25,000. மொத்தம் 9,00,000.

வரவு இருப்புகள்: முதல் 5,00,000; விற்பனை 2,50,000; மொத்த வியாபாரி 1,50,000. மொத்தம் 9,00,000.

இரண்டு பக்கமும் 9 லட்சம். ஒவ்வொரு நடவடிக்கையிலும் இரு பக்கமும் ஒரே தொகையைப் போட்டுக்கொண்டே வந்தோம் என்றால், எத்தனை பதிவு போட்டாலும், எப்படிப் பிரித்துக் கூட்டினாலும், கடைசியில் இரு பக்கமும் சமமாகத்தான் வர வேண்டும். சமமாக வந்தால், போட்டது சமமாகத்தான் போடப்பட்டிருக்கிறது, கூட்டலும் பெயர்த்தெழுதலும் பக்கம் மாறாமல் நடந்திருக்கின்றன என்று கொள்ளலாம். நிரூபணம் அத்தோடு நிற்கிறது. போட்ட தொகை உண்மையான தொகையா, போட்ட கணக்கு சரியான கணக்கா, போட வேண்டியதை எல்லாம் போட்டோமா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் கிடையாது.

இந்தச் சோதனை பழையது. 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில், லூக்கா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, வெனிஸ் வணிகர்கள் கணக்கெழுதும் முறைக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். முறையைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. வணிகர்களிடம் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்ததை எழுதிவைத்தார். பேரேட்டை மூடும்போது பற்றுத் தொகைகளை எல்லாம் ஒரு தாளின் இடப்பக்கமும் வரவுத் தொகைகளை வலப்பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார். சமமாக வராவிட்டால் பேரேட்டில் எங்கோ பிழை இருக்கிறது, தேடு என்கிறார். இறகுப் பேனாவால் எழுதி, மனத்தால் கூட்டி, ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்த காலத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனை இருந்திருக்க முடியாது.

அந்தக் காலத்துப் பிழைகளை இது எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். எங்கள் தலைமுறைக் கணக்குப்பிள்ளைகள் இதில்தான் கெட்டிக்காரர்கள். சம்பளம் 24,000-ஐப் பேரேட்டில் 42,000 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். பற்றுப் பக்கம் 9,18,000 ஆகும், வரவுப் பக்கம் 9,00,000-ஆகவே நிற்கும். வித்தியாசம் 18,000. அனுபவசாலி உடனே அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் 2,000 வரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஏற்படும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். ஆயிரம் ஸ்தானத்தில் இருந்த 4 பத்தாயிரத்துக்குப் போனால் 36,000 கூடும், பத்தாயிரத்தில் இருந்த 2 ஆயிரத்துக்கு இறங்கினால் 18,000 குறையும், நிகரம் 18,000. ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 24,000 என்பது 2,400 ஆனாலும் வித்தியாசம் 21,600. அதுவும் 9-ஆல் வகுபடும். ஆனால் இது துப்புதான், தீர்ப்பல்ல. எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே 9-ஆல் வகுபடும்.

இன்னொரு துப்பு, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது. கான்ட்ராக்டர் கட்டிய 35,000-ஐ அவர் கணக்கில் வரவு வைப்பதற்குப் பதிலாகப் பற்று வைத்துவிட்டால், அவர் பாக்கி 25,000-க்குப் பதில் 95,000 என்று நிற்கும். வித்தியாசம் 70,000. பாதி 35,000. அந்தத் தொகையுள்ள பதிவைத் தேடினால் பிழை அகப்பட்டுவிடும்.

தேடியும் அகப்படாவிட்டால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு இரு பக்கத்தையும் தற்காலிகமாகச் சமன் செய்யும் வழக்கம் உண்டு. தற்காலிகம் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். அனாமத்து உட்கார்ந்திருக்கிற இருப்பாய்வு எதையும் நிரூபிக்கவில்லை; சமநிலையை நாமே செய்து வைத்திருக்கிறோம். வித்தியாசம் 10 ரூபாய்தானே என்று விட்டுவிடுவதும் தவறு. அந்தப் பத்து ரூபாய், ஒரு பக்கம் 18,000-உம் மறுபக்கம் 17,990-உம் தவறிப்போனதன் மிச்சமாக இருக்கலாம்.

இனி, பிடிபடாத பிழைகள். பிழை இரு பக்கத்தையும் ஒரே அளவில் தொட்டால் சமநிலை கெடாது. பாடப்புத்தகம் விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை என்று தனித்தனித் தலைப்புகளில் சொல்வது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் கிளைகள்தான். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. நம் கடையில் நடக்கக்கூடிய நாலை மட்டும் நடத்திக் காட்டுகிறேன்.

முதலில், என் கணிப்பில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஏப்ரல் 30 அன்று மாலை மொத்த வியாபாரியிடமிருந்து 40,000 ரூபாய்க்குச் சரக்கு வந்தது. டப்பாக்களை இறக்கி ரேக்கில் அடுக்கிவிட்டார்கள். பில் வண்டிக்காரர் கையோடு போய்விட்டது, அல்லது கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது. கணக்கில் ஏறவில்லை. கொள்முதலில் 40,000 பற்று இல்லை, வியாபாரி கணக்கில் 40,000 வரவும் இல்லை. இரு பக்கத்திலும் ஒரே தொகை விட்டுப்போயிருக்கிறது. ஆகவே இருப்பாய்வு அதே 9 லட்சத்தில் அழகாக நிற்கிறது.

இப்போது லாபத்தைக் கணக்கிடுங்கள். அன்று இரவு கடையில் இருந்த சரக்கை எண்ணினார்கள், அடக்க விலையில் 1,10,000. வாங்கிய 3,00,000-இல் அதைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 1,90,000. விற்பனை 2,50,000, ஆகவே மொத்த லாபம் 60,000. வாடகையும் சம்பளமும் 44,000 போக நிகர லாபம் 16,000. புதுக்கடைக்கு முதல் மாதமே லாபம் என்று முதலாளி மகிழ்கிறார். ஆனால் எண்ணிய 1,10,000-இல் அந்த மாலை வந்த 40,000 சரக்கும் சேர்ந்திருக்கிறது. பில்லையும் சேர்த்தால் கொள்முதல் 3,40,000. விற்ற சரக்கின் அடக்கம் 2,30,000. மொத்த லாபம் வெறும் 20,000. 44,000 செலவு போனால் 24,000 நஷ்டம். லாபம் நஷ்டமாகப் புரண்டுவிட்டது, ஆனால் இருப்பாய்வில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிய அந்த 1,10,000 நம் தாளில் எங்கேயும் கிடையாது. இறுதிச் சரக்கிருப்பு பொதுவாக இருப்பாய்வுக்கு வெளியே இருந்து வருகிற தொகை. லாபத்தை நேரடியாக ஆட்டிவைக்கும் அந்தத் தொகையை இருப்பாய்வு பரிசோதிப்பதே இல்லை.

இரண்டாவது. ரேக்கும் கவுண்டரும் வாங்கிய 80,000-ஐ, "வாங்கினதுதானே" என்று கொள்முதல் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். கொள்முதல் 3,80,000 ஆகிறது, அறைகலன் காணாமல் போகிறது, பற்று மொத்தம் அதே 9 லட்சம். பல ஆண்டு உழைக்கப் போகிற சொத்து முழுவதும் ஒரே மாதச் செலவாகிவிட்டதால், ஏட்டில் இருந்த 16,000 லாபம் 64,000 நஷ்டமாகத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் இதன் இன்னொரு வடிவம், கட்டட உரிமையாளருக்குக் கொடுத்த அட்வான்ஸை வாடகைச் செலவில் எழுதிவிடுவது. அட்வான்ஸ் திரும்பி வர வேண்டிய பணம், சொத்து. வாடகை தீர்ந்த செலவு. இருப்பாய்வுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே பற்று.

இதைத் திருப்பிப் போட்டுத் தெரிந்தே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வேர்ல்டுகாம் தொலைபேசி நிறுவனம், பிற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தில் பெருந்தொகையைச் செலவில் காட்டாமல் சொத்துக் கணக்கில் ஏற்றியிருந்தது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது அறிவிக்கப்பட்ட தொகை 380 கோடி டாலர். கண்டுபிடித்தது இருப்பாய்வு அல்ல. சிந்தியா கூப்பர் தலைமையிலான அதே நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழு.

மூன்றாவது, தொகையே ஆரம்பத்தில் தவறாக ஏறுவது. கான்ட்ராக்டரின் 60,000 ரூபாய் பில்லை விற்பனை ஏட்டிலேயே 6,000 என்று எழுதிவிட்டார்கள். அங்கிருந்து பேரேட்டுக்குப் போனது எல்லாம் 6,000-தான். விற்பனை 1,96,000 ஆகக் குறைகிறது. கான்ட்ராக்டர் 6,000-க்குச் சரக்கெடுத்து 35,000 கட்டியதாக ஆகி, நாம் அவருக்கு 29,000 தர வேண்டியிருப்பதாகக் கணக்கு காட்டும். அவர் பற்றுப் பத்தியிலிருந்து வரவுப் பத்திக்குத் தாவிவிடுவார். இரு பக்கமும் 8,75,000, கச்சிதமான டேலி.

ஆனால் இங்கே ஒரு வழி திறக்கிறது. மொத்தத்தைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பெயர்களைப் பார்ப்பவருக்குத் தெரியும். நம்மிடம் கடன் வாங்கிப் போனவர் ஏன் வரவுப் பக்கத்தில் நிற்கிறார்? முன்பணம் கொடுத்தாரா? இல்லையென்றால் ஏதோ தவறு. வாடகைப் பதிவைத் தலைகீழாகப் போட்டு வங்கியைப் பற்றும் வாடகையை வரவும் வைத்தாலும் இப்படித்தான், இரு பக்கமும் 9,20,000 என்று சமமாகவே வரும். ஆனால் வாடகைக்கு இருக்கிற கடைக்கு வாடகை வருமானம் எங்கிருந்து வந்தது என்று கண் கேட்க வேண்டும். தாளின் அடியில் உள்ள இரண்டு மொத்தங்களைவிட, எந்தக் கணக்கு எந்தப் பத்தியில் நிற்கிறது என்ற பார்வைதான் அதிகம் சொல்லும். இருப்பாய்வை அடியிலிருந்து பார்க்காதீர்கள், மேலிருந்து வரிவரியாகப் படியுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான்.

நாலாவது, ஆள் மாறாட்டம். ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள்; ஒருவர் கட்டிய பணம் மற்றவர் கணக்கில் வரவாகிறது. கடனாளிகளின் மொத்தம் மாறாது, லாபமும் மாறாது. ஆனால் கட்டியவரிடமே மறுபடி பாக்கி கேட்டு ஆள் போகும். கணக்கில் சின்னது, கடைத்தெருவில் பெரியது.

ஈடுசெய் பிழை என்பதைப் பரீட்சையில் தவறாமல் கேட்பார்கள். சம்பளத்தில் 18,000 கூடி, சம்பந்தமே இல்லாமல் விற்பனைக் கூட்டலிலும் 18,000 கூடிப்போவது போன்றது. நடக்கும், ஆனால் அபூர்வம். அதில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

இப்போது நாம் கையால் எழுதுவதில்லை, எல்லாம் கணினி, அதனால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். நிலைமை அதற்கு நேர்மாறு. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய டேலி நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சமமில்லாத ஒரு வவுச்சரை அது சேமிக்கவே விடாது. கூட்டலை அதுவே போடும், பேரேட்டில் அதுவே ஏற்றும். ஆரம்ப இருப்புகளைச் சரியாகக் கொடுக்காவிட்டால் Difference in opening balances என்று ஒரு வரி வரும்; மற்றபடி அங்கே இருப்பாய்வு டேலி ஆகாமல் போக வழியில்லை. அதாவது பாச்சோலி காலத்துச் சோதனை எந்தப் பிழைகளைப் பிடித்ததோ அந்தப் பிழைகளையெல்லாம் மென்பொருள் பிறக்கவே விடுவதில்லை. மிச்சமிருப்பவை எல்லாம் இருப்பாய்வால் பிடிக்க முடியாதவை மட்டுமே. விட்டுப்போன பில், பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தட்டிவிட்டது, சொத்தைச் செலவில் போட்டது, ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியது. கணினியில் "டேலி ஆயிடுச்சு" என்பது இன்று ஒரு செய்தியே அல்ல.

பெரிய அளவில் இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஹைதராபாத்துக்குப் போக வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருக்கிறது, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். இல்லாத பணம் எப்படி இத்தனை ஆண்டு சமநிலையைக் கெடுக்காமல் இருந்தது? கெடுக்கக் காரணமே இல்லை. நடக்காத வேலைக்கு ஒரு போலி பில் போட்டால் வாடிக்கையாளர் பற்று, வருமானம் வரவு. அவர் பணம் கட்டியதாக எழுதினால் வங்கி பற்று, வாடிக்கையாளர் வரவு. பொய்யும் இரட்டைப் பதிவு முறைப்படியே எழுதப்படும். முறை தவறாமல் சொல்லப்பட்ட பொய்யை இருப்பாய்வு உண்மையைப் போலவே ஏற்றுக்கொள்ளும்.

அதனால் ஏட்டுக்குள் இருந்துகொண்டே ஏட்டைச் சோதிக்க ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வெளியாள் எழுதிய கணக்கு வேண்டும். நம் வங்கிக் கணக்கை வங்கி தனியாக எழுதிக்கொண்டிருக்கிறது. வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவது அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத்தான். சத்யம் மாதிரியான இடத்தில் தணிக்கையாளர், நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் தாளை வாங்காமல், வங்கியிடமிருந்தே நேரடியாக உறுதிக் கடிதம் பெற வேண்டும். மொத்த வியாபாரி தம் ஏட்டில் நம் கணக்கை எழுதுகிறார். அவரிடம் கணக்கு நகல் கேட்டால் நம் 1,50,000-க்கு எதிரே அவர் 1,90,000 காட்டுவார், விட்டுப்போன பில் ஒரே நிமிடத்தில் வெளிவரும். ஒதுக்கிவைத்த ஜிஎஸ்டி இங்கே உதவிக்கு வருகிறது. நமக்கு விற்றவர்கள் பதிவேற்றிய பில்கள் எல்லாம் அடுத்த மாதம் 14-ஆம் தேதி GSTR-2B என்ற அறிக்கையில் நம் பெயருக்கு வந்து நிற்கும். அதை வரிக் கழிவு எடுக்க மட்டும் பார்க்கிறோம். நம் கொள்முதல் ஏட்டோடு பில் எண் வாரியாக ஒப்பிட்டால், நாம் எழுத மறந்த கொள்முதலைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அது. விற்றவரே பதிவேற்றாமல் விட்டிருந்தால் அது தெரியாது, அதையும் மறக்கக் கூடாது. சரக்கை எண்ணும்போது, கடைசி இரண்டு மூன்று நாளில் வந்த சரக்குக்கெல்லாம் பில் ஏறியிருக்கிறதா என்று தனியாக ஒரு முறை பார்ப்பது நம் பெயிண்ட் கடையைக் காப்பாற்றியிருக்கும்.

இங்கே வந்திருக்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதக் கணக்கு முடிந்ததும் உங்கள் கணக்குப்பிள்ளையிடம் "டேலி ஆயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். வழக்கமான பக்கத்தில் இல்லாமல் எந்தெந்தக் கணக்கு மாறி நிற்கிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். அதோடு வங்கி ஸ்டேட்மென்ட், 2B, உங்களுக்குச் சரக்குப் போடுபவர்களின் கணக்கு நகல் மூன்றையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.